வங்கிக்கு வந்து சேர்ந்த 57,800 ரூபாய் 71 நாள் கழித்துப் போனது

மக்களே, வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு அடுத்த இன்வாய்ஸை அனுப்புங்கள். நேற்று ராத்திரி நான் கண்ணை மூடவே இல்லை.

தக்கலையில் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறேன். அமெரிக்காவில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் முதலில் 60 டாலர் வேலை இரண்டு கொடுத்தார், சொன்ன நாளில் பணம் வந்தது. அப்புறம் பன்னிரண்டு வீடியோவுக்கு 740 டாலர் பேசினோம். பாதி முன்பணம் கேட்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே முழுத் தொகையையும் கார்டில் போட்டுவிட்டார். இப்படி ஒரு ஆளா என்று நம்பிவிட்டேன். ரசீதில் பணம் கட்டியவர் பெயர் வேறாக இருந்தது. கேட்டதற்கு "பார்ட்னரோட கார்டு" என்றார், சரி என்று விட்டுவிட்டேன். பணம் வாங்கித் தரும் தளம் கமிஷன் போக 57,800 ரூபாயை என் வங்கிக் கணக்கில் போட்டது. மழையில் அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு இல்லாத மாதம், வந்த பணம் அப்படியே வீட்டுச் செலவுக்குப் போனது.

71-வது நாள் ஒரு மெயில். கார்டின் சொந்தக்காரர் "இதை நான் கட்டவே இல்லை" என்று அவர் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார். இதுதான் சார்ஜ்பேக், கார்டில் போன பணத்தை வங்கி திரும்ப வாங்கிக் கொடுப்பது. வங்கி தளத்திடம் பிடித்தது, தளம் என்னிடம் பிடித்தது. என் இருப்பு மைனஸ் 760 டாலர், அந்த 20 டாலர் புகாருக்கான கட்டணமாம். மறுநாள் வேறொரு கிளையன்ட் அனுப்பிய 210 டாலரும் அந்தக் குழிக்குள்ளேயே போய்விட்டது.

ஆதாரம் கொடுக்கப் பத்து நாள் தந்தார்கள். படிவத்தைத் திறந்தால் கூரியர் பெயர், டிராக்கிங் எண் என்று கட்டங்கள்! வீடியோவுக்கு எங்கே போய் கூரியர் எண் தேட? சாட், டவுன்லோட் விவரம், "சூப்பர்" என்று அவர் எழுதியது எல்லாவற்றையும் ஏற்றினேன். தோற்றேன். வேலை கிடைக்கவில்லை என்ற புகாராக இருந்தால் இவை உதவியிருக்கும். இங்கே நான் வேலை கொடுத்த ஆள் வேறு, கார்டுக்காரர் வேறு, அதனால் ஒன்றும் நிற்கவில்லை. உதவி எண்ணில் நான்கு முறை பேசினேன். "வங்கியின் முடிவு சார்", "சம்பந்தப்பட்ட டீம் பார்க்கிறது சார்". மெயிலுக்கு ஒரே பதில், தேதி மட்டும் மாறுகிறது. 57,800 ரூபாய், ஒன்றரை மாத உழைப்பு.

என்னால் இப்போது சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கட்டியவர் பெயரும் கிளையன்ட் பெயரும் ஒத்துப்போகவில்லையா, வேலையைத் தொடாமல் அதே பரிவர்த்தனையிலேயே ரீஃபண்ட் கொடுத்துவிடுங்கள், வேறு கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். பெரிய தொகையைக் கார்டில் வாங்காமல் வங்கி வயர் டிரான்ஸ்ஃபராகக் கேளுங்கள், அதற்குக் கார்டு மாதிரி சார்ஜ்பேக் கிடையாது. கார்டுதான் என்றால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு இன்வாய்ஸ், ஒவ்வொன்றுக்கும் "கிடைத்தது, சம்மதம்" என்று மெயிலில் வாங்குங்கள். கார்டு பணத்தைப் பெரும்பாலும் 120 நாள் வரை திருப்பிக் கேட்க முடியும், வங்கிக்கு வந்துவிட்டதே என்று அதற்குள் முழுவதையும் செலவழிக்காதீர்கள்.