ஒரு நான்கு சக்கரமா, இரண்டா? ஏரேட்டர் கொட்டேஷன் பற்றி ஒரு பதில் கடிதம்

வணக்கம் சார்,

கொட்டேஷன் கிடைத்தது. என் ஒரு ஏக்கர் வனாமி இறால் குளத்துக்கு, தண்ணீரை அடித்துக் காற்றோடு கலக்க இப்போது ஓடும் இரண்டு 2 எச்பி பேடில் வீலோடு இன்னும் ஒரு 2 எச்பி நான்கு சக்கர ஏரேட்டர் போட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டலாக் கணக்குப்படி சரிதான். ராத்திரி கணக்குப்படி போதாது.

வேதாரண்யம் பக்கத்தில் இந்த மாதம் தண்ணீர் 30 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 20 பங்கு. குளத்தின் ஆழம் 1.2 மீட்டர், அதாவது ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். இரண்டு மெஷினும் ஓடும்போதே டிஓ, அதாவது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், இரவு 10 மணிக்கு 5.8, 2 மணிக்கு 4.3, 5 மணிக்கு 3.1. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். இறால் இரண்டு டன் இருக்கும். 500 கிலோவுக்கு ஒரு எச்பி என்ற வழக்கப்படி 4 எச்பி போதும்தான். ஆனால் அந்தக் கணக்கில் பாசி வராது. தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது, இரவில் மூச்சு வாங்குவதில் பாசிக்கும் அடிச்சேற்றுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

கடைசி மூன்று மணி நேரத்தில் மணிக்கு 0.4 வீதம் இறங்குகிறது. 48 லட்சம் லிட்டருக்கு அது மணிக்கு 1.9 கிலோ ஆக்சிஜன். டிஓவை 4-ல் நிறுத்த அவ்வளவு கூடுதலாக வேண்டும். உங்கள் 2 எச்பி மெஷின் மணிக்கு 2.6 கிலோ தரும் என்று கேட்டலாக் சொல்கிறது. ஆகவே ஒன்று போதும் என்றீர்கள்.

ஆனால் அந்த 2.6, 20 டிகிரியில், சுத்தத் தண்ணீரில், டிஓ பூஜ்யத்தில் இருந்து ஏறும்போது அளந்தது. ஆக்சிஜன் கரையும் வேகம் தண்ணீரில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் தண்ணீர் காற்றிலிருந்து 6.8 வரைதான் பிடிக்கும். 4 இருக்கும்போது மீதி இடம் 2.8 தான். சூட்டால் கரையும் வேகம் கொஞ்சம் கூடும், குளத்துத் தண்ணீரின் அழுக்கால் கொஞ்சம் குறையும். எல்லாம் போக கேட்டலாக் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.9 கிலோ. 10 மணிக்கு டிஓ 6 பக்கம் இருக்கும்போது பத்தில் ஒரு பங்குகூட நிச்சயமில்லை. மதியம் பாசி விடும் ஆக்சிஜனால் 9-க்கு மேல் ஏறியிருக்கும்போது ஓட்டினால் ஆக்சிஜன் வெளியேதான் போகும். அப்போது மேல்தண்ணீரையும் அடித்தண்ணீரையும் கலப்பது மட்டுமே லாபம்.

ஆக எனக்கு வேண்டியது இன்னும் 4 எச்பி. கணக்குப்படி 1.8 கிலோ. துளி குறைகிறது, ஆனால் நடுநிசிக்கே போட்டுவிட்டால் 4-க்கு வருவதே தள்ளிப்போகும்.

இனி எதை வாங்குவது? மூன்று வழி பார்த்தேன். ஒரே தரத்தில் செய்த மெஷின்களில் எச்பிக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் பெரிய வித்தியாசம் இல்லை. வேறுபடுவது நீரோட்டமும், ஒன்று நின்றால் என்ன ஆகும் என்பதும்தான்.

லாங் ஆர்ம்: நீளமான ஒரே ஷாஃப்டில் வரிசையாகச் சக்கரங்கள், மோட்டார் கரையில் இருக்கும், பழுது பார்க்கத் தண்ணீரில் இறங்க வேண்டாம். டீசல் இன்ஜினிலும் ஓட்டலாம். ஆனால் முழு 4 எச்பியும் ஒரே ஷாஃப்டில். காலை 4 மணிக்குப் பேரிங் போனால் எல்லாம் போச்சு. பெரிய குளத்துக்கு நல்லது, எனக்கு வேண்டாம்.

இரண்டு 2 எச்பி நான்கு சக்கரம்: தள்ளு பலம் அதிகம், கழிவை நடுவில் கூட்டும். ஆனால் ஏற்கெனவே இரண்டு ஓடும் ஒரு ஏக்கரில் நான்கையும் ஓட்டினால் கரை அரிக்கும், கலங்கல் ஏறும்.

நான்கு 1 எச்பி இரண்டு சக்கரம்: ஒன்று நின்றால் கால் பங்குதான் இழப்பு, மூலைக்கு மூலை வைக்கலாம். ஆனால் நான்கு கியர்பாக்ஸ், நான்கு கேபிள், நான்கு ஸ்டார்ட்டர். உப்புக்காற்றில் அது தினசரி வேலை.

நான் கலந்து எடுக்கிறேன். ஒரு 2 எச்பி, நீரோட்டம் செத்துக்கிடக்கும் தெற்கு மூலைக்கு. இரண்டு 1 எச்பி, தனித்தனி ஸ்டார்ட்டரோடு, நடுநிசிக்கு ஒன்று, டிஓ 4.5-ஐத் தொட்டதும் மற்றொன்று. மொத்தம் 8 எச்பிதான், என் 15 கேவிஏ ஜெனரேட்டர் தாங்கும். கரண்ட் வந்துபோகும்போது எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பக்கூடாது, ஸ்டார்ட்டரில் அதைப் பார்த்துக்கொடுங்கள்.

ஆர்டருக்கு முன் இரண்டு விஷயம் எழுதி அனுப்புங்கள். சக்கரம் எவ்வளவு ஆழம் மூழ்கினால் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? ஃப்ளோட்டில் பாசி ஏறி சக்கரம் தாழ்ந்தால் லோடு கூடி மோட்டார் சூடாகும். ஆம்பியர் தெரிந்தால் கிளாம்ப் மீட்டரில் நானே கண்டுபிடிப்பேன். அடுத்தது, 2.6 கிலோ என்பது எந்த இடத்தில் சோதித்தது, ரிப்போர்ட் உண்டா? கூடவே ஒரு உதிரி கியர்பாக்ஸுக்கும் விலை போடுங்கள்.

இப்படிக்கு,
வேதாரண்யம் பண்ணைக்காரன்