டிவிக்குப் பின்னால் மூன்று விரல் இடைவெளி

இந்த முறை பாளையங்கோட்டைக்குப் போனபோது அம்மாவுக்கு 55 இன்ச் டிவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பழைய டிவி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் தன் பிஎஸ்5 வீடியோ கேம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அதை அந்தப் பழைய பெட்டியில் போட்டுப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. மருமகன் கேட்டால் மாமா மறுக்க முடியுமா.

கடையில் வாங்கிய மறுநாளே கம்பெனி ஆள் மாட்டிக் கொடுக்க வந்துவிட்டார். நான் இருக்கும் நியூ ஜெர்சியில் இதற்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். சுவரோ ஜிப்சம் பலகை. அதற்குள் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டித் தட்டிக் கண்டுபிடித்து அதில்தான் திருக வேண்டும். இங்கே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், எங்கே வேண்டுமானாலும் துளை போடலாம். மாட்ட வந்த ஆளின் வேலையும் சுத்தம். முதலில் ரசமட்டம் வைத்தார். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே பைப்பு ஓடும் என்று அந்த இடத்தைத் தவிர்த்தார். டிரில்லில் பூச்சின் சாம்பல் தூள் நின்று செங்கல்லின் சிவப்புத் தூள் வரும்வரை விடவில்லை. பிளக் பூச்சிலேயே நின்றுவிட்டால் நாளைக்கு எடை தாங்காது. ஆக, சுவர் பக்கம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை எல்லாம் டிவிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது.

"எவ்ளோ உயரம் சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "மேலேயே மாட்டுங்க தம்பி, பிள்ளைக வந்தா கை வைக்கும்" என்று சொல்லிவிட்டார். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடியில் போய் நின்றது. சோபாவில் உட்கார்ந்தால் கண் இருப்பது மூன்றரை அடியில். கழுத்து விஷயம் தனி, அம்மாவிடம் நான் அதைப் பேசவில்லை. கீழே தரையில் டிவி ஸ்டாண்டு. அதன் இடது கோடி அறையில் மருமகன் தன் பிஎஸ்5-ஐப் படுக்க வைத்திருந்தான். கம்பெனி ஆள் அதன் கேபிளை டிவியின் பின்னால் செருகி, படம் வருவதைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்ன ஆரம்பித்தன. அப்புறம் ஒரு நொடி கறுத்து மறுபடி வந்தது. ராத்திரிக்குள் `No Signal`. மருமகன் டிவியின் கீழ் விளிம்பைப் பிடித்து லேசாக அசைத்தான், படம் வந்தது. கையை எடுத்தான், போனது. "மாமா, டிவி கம்ப்ளைண்ட்" என்றான். அசைத்தால் வருகிறது என்றால் பெரும்பாலும் டிவியைக் குற்றம் சொல்ல முடியாது, செருகின இடத்தில்தான் ஏதோ இருக்கும்.

சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். மாட்டியது மாட்டியாகிவிட்டது, வெளிக் கருவி எங்கள் பொறுப்பில்லை, மறுபடி ஆள் வந்தால் விசிட் சார்ஜ் என்றார்கள். சரி என்று தெருக்கோடியில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவரும் அத்தானும் டிவியைத் தூக்கிக் கழற்றிக் கட்டிலில் குப்புறக் கிடத்தினார்கள். விஷயம் தெளிவாகத் தெரிந்தது.

டிவியில் மூன்று எச்டிஎம்ஐ துளைகள். இரண்டு பக்கவாட்டில் திறக்கின்றன, ஒன்று நேராகச் சுவரைப் பார்க்கிறது. பக்கவாட்டில் ஒன்றில் சவுண்ட்பார், மற்றதில் செட்டாப் பாக்ஸ். மிச்சமிருந்த சுவர் பார்த்த துளையில் பிஎஸ்5. டிவியைச் சுவரில் பிடிக்கக் கம்பெனி ஆள் கொண்டுவந்த பிராக்கெட் சுவரோடு ஒட்டும் ரகம், பின்னால் மூன்று விரல் இடைவெளிதான். துளை கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்ததையும் சேர்த்தால் ஐந்து சென்டிமீட்டர் வரும். கேபிளின் கெட்டியான தலை மட்டுமே நான்கு சென்டிமீட்டர். அதற்குப் பின் கேபிள் மடங்கித் திரும்ப இன்னொரு மூன்று நான்கு வேண்டும். இல்லாத இடத்தில் டிவியை அமுக்கி மாட்டியிருக்கிறார்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, துளையின் உலோக வாயை நெம்பிக்கொண்டு நின்றிருக்கிறது.

எச்டிஎம்ஐ-க்குத் திருகும் கிடையாது, கொக்கியும் கிடையாது. வெறும் பிடிப்பில்தான் நிற்கிறது. நெம்பினால் முதலில் உள்ளே ஒரு சில கம்பிகள் சரியாகத் தொடாமல் போகும், அதுதான் அந்த வெள்ளைப் புள்ளிகள். அப்படியே விட்டால் துளையை டிவியின் சர்க்யூட் பலகையோடு பிடித்திருக்கும் ஈயப்பற்று விரிசல் விடும். அந்த நிலைக்குப் போனால் கேபிள் மாற்றிப் பயனில்லை, பலகையில்தான் கை வைக்க வேண்டும். அண்ணாச்சி டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தார். நாக்கு நேராக இருந்தது, கம்பி எதுவும் மடங்கவில்லை. பிழைத்தோம்.

ஆனால் டிவி முனை பாதிக் கதைதான். கீழ் முனையிலும் இதே கூத்து நடந்துகொண்டிருந்தது. பிஎஸ்5-ஓடு வந்த கேபிள் ஒன்றரை மீட்டர். டிவியின் துளைகள் திரையின் நடுவிலிருந்து வலப்பக்கம் நாற்பது சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து 142-இல் இருந்தன. பிஎஸ்5 நடுவிலிருந்து இடப்பக்கம் ஐம்பது தள்ளி, அதன் துளை தரையிலிருந்து ஐம்பதில். குறுக்கே தொண்ணூறு, கீழே தொண்ணூற்றிரண்டு. மூலைவாட்டில் இழுத்தாலே கிட்டத்தட்ட 130 ஆகிறது. இரண்டு முனையிலும் வளைவுக்குப் பத்துப் பத்து விட்டால் 150 முடிந்துபோகும். கேபிள் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக நின்றதற்குக் காரணம் இதுதான். அந்த விறைப்பில் இரண்டு துளைகளும் எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருந்தன. அசிங்கமாக இருக்கிறதே, சுவரில் பிளாஸ்டிக் பட்டை அடித்து அதற்குள்ளே விடலாம் என்றால் நேர்நேராக 182 வேண்டும், எட்டவே எட்டாது.

நீளக் கேபிள் வாங்கலாம் என்றார் அத்தான். வாங்கலாம்தான். ஆனால் பிஎஸ்5-ஐ ஸ்டாண்டின் வலது கோடிக்கு, டிவியின் துளைகளுக்கு நேர் கீழே, மாற்றி வைத்தால் குறுக்குத் தூரம் பூஜ்யமாகிவிடுகிறது. 92-ம் வளைவுக்கு இருபதும் போக, அதே கேபிளில் 38 சென்டிமீட்டர் தளர்வாக மிஞ்சும். காசு செலவில்லாமல் ஒரு பெட்டியை நகர்த்தியதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டிவி மாட்டும் முன் பின்பக்கத் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கீழே எது எங்கே என்று தீர்மானித்திருந்தால் கழற்றவே வேண்டியிருந்திருக்காது.

ஸ்டாண்டின் அறை முப்பது சென்டிமீட்டர் ஆழம், பின்னால் ஒட்டுப்பலகை. பிஎஸ்5 முதலில் வந்த பெரிய மாடல், ஆழம் 26. மிச்சம் நான்கு. இங்கேயும் கேபிள் தலை பலகையில் முட்டித்தான் நின்றிருந்தது. யாராவது முன்னால் இருந்து லேசாகத் தள்ளினாலும் அந்த உந்தல் முழுவதும் எச்டிஎம்ஐ துளைக்குள் போகும். தவிர, சுற்றிலும் பத்து சென்டிமீட்டராவது காலி இடம் இல்லாவிட்டால் சூடு வெளியேறாது. அண்ணாச்சி பலகையில் வட்டமாக அறுக்கலாம் என்றார். நான் அறையே வேண்டாம் என்று ஸ்டாண்டின் மேல்தட்டில் வைக்கச் சொன்னேன். அங்கே ஆழம் நாற்பது, பின்னால் தடுப்பு இல்லை. உயரமும் கூடியதால் தளர்வு இன்னும் கொஞ்சம் அதிகமானது.

இப்போது டிவியின் பின்பக்கம். பிஎஸ்5-ஐ இனிமேல் சுவர் பார்த்த துளையில் போடுவதில்லை என்று முடிவானது. பார்த்தால் பக்கவாட்டுத் துளையின் மேலேதான் `4K 120Hz` என்று அச்சடித்திருந்தது. நொடிக்கு 120 படம் காட்டும் அந்த வேகம் பிஎஸ்5-க்குத்தான் உதவும், செட்டாப் பாக்ஸுக்கு அது தேவையே இல்லை. ஆகவே இரண்டையும் இடம் மாற்றினோம். செட்டாப் பாக்ஸ் கேபிளுக்கு மட்டும் எல் வடிவத் தலையும் ஒரு சாண் மெல்லிய வாலும் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கினோம். தலை துளையில் படுத்துக்கொள்ளும், மறுமுனையின் பெண் சாக்கெட்டில் செட்டாப் பாக்ஸ் கேபிள் சேரும். நடுவில் ஒரு இணைப்பு கூடினால் சிக்னல் கொஞ்சம் பலவீனமாகும். செட்டாப் பாக்ஸின் சாதாரணப் படத்துக்கு அது பொருட்டே இல்லை, 4கே 120-க்கு ஆபத்து. கெட்ட இடத்தை யாருக்குக் கொடுப்பது என்றால் இருப்பதில் எளிய கருவிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

எல் தலையில் ஒரு சங்கதி. 90 என்றும் 270 என்றும் இரண்டு விதமாக வரும், ஒன்று கேபிளை மேலே திருப்பும், மற்றது கீழே. டிவியில் துளையின் அகலமான பக்கம் மேலேயா கீழேயா என்பதைப் பொறுத்தது. நான் தெரியாமல் வாங்கியது மேலே திரும்பியது. மறுபடி கடைக்குப் போய், போனில் துளையின் படத்தைக் காட்டி மாற்றி வந்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. பெட்டி பிரித்த பொருளை நியூ ஜெர்சியில் மாற்றுவதைவிட இது சுலபமாக இருந்தது.

கடைசி வேலைதான் முக்கியமானது. டிவியை மறுபடி மாட்டும் முன் அண்ணாச்சி ஒவ்வொரு கேபிளையும் துளையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிராக்கெட்டின் இரும்புப் பட்டையோடு வெல்க்ரோ நாடாவால் கட்டினார். துளைக்கும் கட்டுக்கும் நடுவில் கேபிள் 'ப' மாதிரித் தொய்வாக இருக்கும்படி விட்டார். தொங்கும் கேபிளின் எடையை இனி இரும்புதான் தாங்கும். பிளாஸ்டிக் டையை இறுக்கிக் கட்டினால் கேபிளே நசுங்கும் என்று அதை அவர் தொடவில்லை. மாட்டிய பின் மருமகன் இரண்டு மணி நேரம் விளையாடினான். ஒரு புள்ளி மின்னவில்லை. மின்னியிருந்தால் பிஎஸ்5-இன் அமைப்பில் `4K Video Transfer Rate` என்பதை `-1` ஆகக் குறைத்துப் பார்ப்பதாக இருந்தேன், தேவைப்படவில்லை.

அண்ணாச்சிக்கு எண்ணூறு ரூபாய், எக்ஸ்டென்ஷனும் வெல்க்ரோவும் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம். மறு விசிட்டுக்கு இதைவிடக் குறைவாகக் கேட்டிருக்கலாம், ஆனால் அவர்கள் அதே பிராக்கெட்டில் அதே துளையில் மறுபடி செருகிவிட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நான் திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். கேபிள்காரர் செட்டாப் பாக்ஸ் மாற்ற வந்தவர், டிவியைக் கழற்றாமல் கீழே இருந்தே கேபிளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்திருக்கிறார். எக்ஸ்டென்ஷன் வாலின் சாக்கெட் லேசாகப் பிளந்துவிட்டதாம். டிவிக்கு ஒன்றுமில்லை. "இன்னொன்று வாங்கணும், அது 90-ஆ 270-ஆ?" என்று கேட்டாள்.