முதல் பைக்குக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோலும் குயிக் ஷிஃப்டரும் தேவையா?

அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்த கையோடு முதல் பைக் பார்க்க ஆரம்பித்துவிட்டான். இரண்டு வருடம் அப்பாவின் ஸ்கூட்டரை ஓட்டியதுதான் அவனுடைய அனுபவம். மூன்று பைக்குகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தான்: யமஹா எஃப்இசட்-எஸ், ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350, கேடிஎம் டியூக் 390. "மாமா, டியூக்ல எல்லாமே இருக்கு, ஹன்டர்ல ஒண்ணுமே இல்ல. புதுசா ஓட்டுறவனுக்கு டியூக்தானே பாதுகாப்பு?" என்று கேட்டான்.

வசதிகளைப் பற்றி அவன் சொன்னது சரிதான். 2023இல் வந்த புதிய டியூக் 390இல் டிராக்‌ஷன் கன்ட்ரோல், ரைடிங் மோடுகள், கியரை ஏற்றவும் இறக்கவும் உதவும் குயிக் ஷிஃப்டர் என மூன்றும் உண்டு. எஃப்இசட்-எஸ்ஸில் 2023இலிருந்து டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் இருக்கிறது. ஹன்டரில் மூன்றுமே கிடையாது. ஆனால் எந்த பைக்கில் எது இருக்கிறது என்பதை விட, அந்த வசதி எந்தத் தவறைத் தடுக்கிறது, அந்தத் தவறைப் புதியவர் செய்வாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலை முதலில் எடுத்துக்கொள்வோம். இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஏபிஎஸ் சென்சார்கள் அளந்துகொண்டே இருக்கும். முன் சக்கரத்தை விடப் பின் சக்கரம் வேகமாகச் சுழன்றால் அது வழுக்குகிறது என்று பொருள். உடனே இன்ஜினின் சக்தி குறைக்கப்படும், மீட்டரில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். சில பைக்குகளை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, செயினுக்கு ஆயில் போடுவதற்காகப் பின் சக்கரத்தை இன்ஜினில் சுழல விட்டால், முன் சக்கரம் நிற்பதைக் கண்டு குழம்பி அந்த விளக்கு எரியும். கோளாறு என்று பயந்துவிட வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும்.

பின் சக்கரம் வழுக்கும் அளவுக்கு இழுவை எந்த பைக்கில் இருக்கிறது? ஒரு தோராயக் கணக்கு போடலாம். எஃப்இசட்-எஸ்ஸின் உச்ச சக்தி 12.4 பிஎஸ். 50 கிமீ வேகத்தில் அதை முழுதாகக் கொடுத்தாலும் பின் சக்கரம் சாலையைத் தள்ளும் விசை சுமார் 65 கிலோதான். பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ என்றால் பின் டயரின் மேல் பாதி, அதாவது 100 கிலோ இருக்கும். காய்ந்த தார்ச் சாலையில் அதற்கு 80 கிலோ அளவுக்காவது பிடிப்பு கிடைக்கும். ஆகவே அந்த வேகத்தில் முழுக்க முறுக்கினாலும் வழுக்காது. நனைந்த சாலையில் பிடிப்பு 50 கிலோவுக்கு இறங்கும் என்று வைத்தாலும், உச்ச ஆர்பிஎம்மில் முறுக்கினால்தான் வழுக்கும். புதிதாக ஓட்டுபவர் மழையில் அப்படி முறுக்குவது அபூர்வம். டியூக் 390க்கு 46 பிஎஸ். அதே 50 கிமீயில் அதன் கணக்கு 240 கிலோவைத் தாண்டுகிறது. பின் டயர் 120 கிலோ சுமந்தாலும் இது இரண்டு மடங்கு. மழையில் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறும்போது கை கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினாலே போதும், பின் பக்கம் விலகிவிடும். அதனால் 40 பிஎஸ் பைக் வாங்குகிறவர்களுக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல் கட்டாயம் வேண்டும் என்பேன். 12 பிஎஸ் பைக்கில் அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பெரிய இழப்பில்லை. ஹன்டர் 20 பிஎஸ், கனமான பைக், நிதானமான இன்ஜின். என் கணக்கில் அது எஃப்இசட்-எஸ் பக்கம்தான் நிற்கிறது.

ஆனால் நான் விழுந்தது வேறு விதமாக. ஈசிஆரில் ஒரு காலை, கடற்கரைப் பக்கம் திரும்பும் வளைவில் காற்று மணலைச் சாலையில் பரப்பி வைத்திருந்தது. வளைந்துகொண்டே முன் பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் விலகியது, முழங்கை தோல் போயிற்று. அந்த பைக்கிலும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தது. விளக்குகூட மினுக்கவில்லை. அது ஆக்சிலேட்டரால் பின் சக்கரம் சுழலும்போது மட்டும் வேலை செய்யும். பிரேக் தவறுக்கும் முன் சக்கரம் வழுக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்: பதறிப் பிடித்த பிரேக், மணல், வளைவு. அங்கே கைகொடுப்பது ஏபிஎஸ். வளைவில் அதற்கும் எல்லை உண்டு என்றாலும், நேர்ச் சாலையில் பதறிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் கொடுத்தாலும் சட்டம் ஏற்கும். இரண்டு சக்கரத்துக்கும் உள்ளதா என்பதுதான் ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்தது ரைடிங் மோடு. எல்லா பைக்கிலும் இதற்கு ஒரே அர்த்தம் இல்லை. அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வியில் ஸ்போர்ட் மோடில் 17.5 பிஎஸ் அளவும், அர்பன், ரெயின் மோடுகளில் 15.6 பிஎஸ் அளவும் கிடைக்கும். அந்த இரண்டு பிஎஸ் வித்தியாசம் உச்ச ஆர்பிஎம்மில்தான் தெரியும். நகரத்துக்குள் புதியவருக்கு அது புரியக்கூடப் போவதில்லை. டியூக்கில் நிலைமை வேறு. கேபிள் இல்லாத ஆக்சிலேட்டர் என்பதால் ரெயின் மோடில் கை எவ்வளவு திரும்பினால் இன்ஜின் எவ்வளவு பதில் சொல்ல வேண்டும் என்பதே மாறும். ஸ்பீடு பிரேக்கரில் கை தெரியாமல் அசைந்தாலும் பைக் துள்ளாது. டியூக்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால், முதல் மாதம் முழுக்க மழையோ வெயிலோ ரெயின் மோடிலேயே ஓட்டச் சொல்வேன். இந்த ஒரு காரணத்துக்காகவே மோடுகளை நான் குறை சொல்வதில்லை.

குயிக் ஷிஃப்டர் விஷயத்தில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கியர் லீவரில் உள்ள சென்சார் கால் அழுத்தத்தை உணர்ந்ததும் இன்ஜினின் சக்தியை ஒரு கணம் துண்டிக்கிறது. கியர்ப் பற்களின் மேல் இருந்த இறுக்கம் தளர்ந்து அடுத்த கியர் கிளட்ச் இல்லாமலே விழுகிறது. அதிக ஆர்பிஎம்மில் முறுக்கிக்கொண்டே போகும்போது இது அருமையாக இருக்கும். கிண்டி பக்கம் 25 கிமீயில் ஊர்ந்துகொண்டு அழுத்தினால் வெட்டி இழுக்கும், பயந்து பாதி அழுத்தினால் கியர் விழாமல் நடுவில் தொங்கும். புதியவருக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. காலை லீவரின் கீழேயே வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் இருந்தால், சென்சார் அதை கியர் மாற்றம் என்று எடுத்துக்கொண்டு இன்ஜினை இடையிடையே திணற வைக்கலாம். எப்படியும் கிளம்பவும் நிற்கவும் கிளட்ச் வேண்டும். ஸ்கூட்டரிலிருந்து வருபவருக்கு இடது கை கற்க வேண்டிய முதல் பாடமே அதுதான்.

விளம்பரத்தில் அவ்வளவாகப் பேசப்படாத ஸ்லிப்பர் கிளட்ச் அவனுக்கு இதைவிட உபயோகமானது. அவசரத்தில் நான்கிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கிக் கிளட்சைப் படாரென்று விட்டால் பின் சக்கரம் குதிக்கும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் பொதுவாக இதைக் கவனிக்காது, ஸ்லிப்பர் கிளட்ச் அந்த அதிர்ச்சியை மட்டுப்படுத்தும். லீவரும் இலகுவாக இருக்கும். டியூக்கில் இது உண்டு, 2025 ஹன்டரிலும் வந்துவிட்டது.

கடைசியில் அவன் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள ஹன்டரைப் புக் செய்தான். டெலிவரி எடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். 30 கிமீயில் வந்து, பைக்கை நேராக வைத்து, முன் பிரேக்கை மெல்ல ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னேன். ஏழாவது எட்டாவது தடவையில்தான் லீவர் விரலுக்கடியில் துடிப்பதை உணர்ந்தான். "மாமா, இதுதானா ஏபிஎஸ்?" என்றான். இன்னும் பத்து தடவை போடச் சொன்னேன்.