டங்ஸ்டன் மோதிரம்: 6 வருடம் போட்டேன், 1 நிமிடத்தில் உடைத்தேன்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு அடுத்த மாதம் திருமணம். “அண்ணே, நம்ம வேலைக்குத் தாங்குற மோதிரம் எது?” என்று கேட்டான். கேட்ட நேரம் பொருத்தமான நேரம்தான். என் டங்ஸ்டன் கார்பைடு மோதிரம் 2 துண்டாகி மேசை டிராயரில் கிடக்கிறது, அந்த விரலில் வீக்கம் இப்போதுதான் வடிகிறது.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். 6 வருடம் இன்ஜின், கியர் பாக்ஸ், துரு, மணல் என்று எல்லாவற்றிலும் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினால் வாங்கிய அன்று இருந்த பளபளப்பு. கடினத்தன்மையை விக்கர்ஸ் அளவில் பார்த்தால் 22 காரட் தங்கம் 50, 60 என்ற அளவில் நிற்கும். எவ்வளவு தட்டி இறுக்கியது என்பதைப் பொறுத்து கொஞ்சம் கூடும். 18 காரட்டில் செம்பும் வெள்ளியும் அதிகம் சேர்வதால் அதைப் போல 2 மடங்குக்கு மேல். டைட்டானியம் உலோகக் கலவை 350-ஐ ஒட்டி வரும். டங்ஸ்டன் கார்பைடு 1,000-ஐத் தாண்டிவிடும். ஸ்பேனரே அதன்மீது உரசித் தேயுமே தவிர, அது தேயாது.

என் பிழை என்னவென்றால், ‘கடினம்’ என்பதை ‘கைவேலைக்கு ஏற்றது’ என்று புரிந்துகொண்டேன். கடினத்தன்மை காப்பாற்றுவது மோதிரத்தை. விரலை அல்ல.

போன மாதம் கியர் பாக்ஸை இறக்கும்போது நழுவி, விரல் இடையில் மாட்டியது. எலும்பு தப்பியது. அரை மணி நேரத்தில் விரல் வீங்கி, மோதிரத்துக்கு மேலே நீலம் பாரித்தது. கையை உயர்த்திப் பிடித்து, ஐஸ் வைத்து, எண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தோம். நூல் வித்தையும் செய்தோம்: நூலின் ஒரு முனையை மோதிரத்தின் அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் விட்டு, மறு முனையை மோதிரத்தை ஒட்டி ஆரம்பித்து மூட்டு தாண்டும்வரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பிறகு அந்த உள்முனையைப் பிடித்து அவிழ்க்க அவிழ்க்க, மோதிரம் சுற்றின்மேல் ஊர்ந்து வெளியே வரும். சாதாரண வீக்கத்துக்கு அருமையான வழி. என் விரலுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

மருத்துவமனையில் மோதிரம் வெட்டும் சின்ன ரம்பம் வைத்திருந்தார்கள். தங்கத்தை வெண்ணெய்போல வெட்டும் கருவி, இதன்மீது பல் மழுங்கிச் சறுக்கியது. டங்ஸ்டனை வெட்டக் கூடாது, நொறுக்க வேண்டும். கண்ணாடி மாதிரி, கடினமான பொருள்தான், ஆனால் வளையத் தெரியாது. எனக்கு அது தெரிந்திருந்ததால் பட்டறையிலிருந்து லாக்கிங் பிளையர் எடுத்து வரச் சொன்னேன். மோதிரத்தைச் சரியாகக் கவ்வும் அளவுக்குத் திருகைச் சரிசெய்து பூட்டினோம். விடுவித்து, திருகை லேசாகத் திருப்பி, மறுபடி பூட்டினோம். நாலாவது முறை ‘டக்’ என்று விரிசல் விட்டது. துண்டு தெறிக்கும் என்பதால் கண்ணுக்கு மறைப்பு வேண்டும். 1 நிமிட வேலை. அதற்கு முன்னால் வீணான 40 நிமிடம்தான் எரிச்சல். வாங்கும்போது ‘ஒருநாளும் கீறாது’ என்றார்கள். எப்படிக் கழற்றுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அளவையும் மாற்ற முடியாது. விரல் பருத்தால் வேறு வாங்க வேண்டியதுதான்.

டைட்டானியம் தங்கத்துக்கும் இதற்கும் நடுவில் நிற்கும். எடையே தெரியாது. வெட்டலாம், ஆனால் நல்ல வட்டு வேண்டும், நேரமாகும், சூடேறும் என்பதால் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும்.

‘அப்போ மிருதுவான தங்கமே நல்லதா?’ என்று தம்பி கேட்டான். அதற்கும் என் விரலில் சாட்சி இருக்கிறது. டங்ஸ்டனுக்கு முன்னால் 22 காரட் வளையம் போட்டிருந்தேன். ஒருநாள் அவசரத்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றாமல் பாசிட்டிவ் நட்டில் ஸ்பேனரை வைத்தேன். ஸ்பேனருக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் மோதிரம் பட்டுவிட்டது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் அந்தச் சின்னப் பாலத்தின் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒரு நொடிதான், விரலைச் சுற்றி வட்டமாகத் தோல் வெந்தது. அந்த வெள்ளைக் கோடு இன்னும் இருக்கிறது. டங்ஸ்டன், டைட்டானியம், ஸ்டீல் எதுவானாலும் மின்சாரத்தைக் கடத்தும். மின்வேலையில் உலோக மோதிரத்துக்கு இடமே இல்லை.

அதைவிட மோசமானது மாட்டிக்கொள்வது. குதித்து இறங்கும்போது கம்பியிலோ கொக்கியிலோ மோதிரம் மாட்டினால் உடல் எடை முழுவதும் அந்த ஒரு விரலில் தொங்கும். தோலும் ரத்தக் குழாயும் கையுறை கழல்வதுபோல உரிந்துவிடும். இதற்குப் பட்டறைகூடத் தேவையில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் 2015-இல் வீட்டில் தடுக்கி விழுந்தபோது மோதிரம் மாட்டி, விரலைக் காப்பாற்ற 6 மணி நேரம் அறுவை சிகிச்சை நடந்தது. தங்கம் மிருதுதான், ஆனாலும் விரல் கிழிவதற்கு முன் அது விட்டுக்கொடுக்கும் என்று நம்ப முடியாது.

தம்பிக்குக் கல் வைத்த மோதிரம் மேல் ஆசை. என் மனைவி துணி தைப்பவர். அவர் மோதிரத்தில் நீலக்கல்லை நகம்போன்ற 4 கம்பிகள் தூக்கிப் பிடித்திருந்தன, விரலிலிருந்து 6 மில்லிமீட்டர் உயரம். ஒவ்வொரு துணியிலும் நூல் இழுத்தது. இழுக்க இழுக்க ஒரு நகம் நிமிர்ந்து, காதருகே ஆட்டினால் கல் கிலுகிலுத்தது. நல்ல சோதனை அதுதான்; இல்லையென்றால் பஞ்சை மேலே இழுத்துப் பாருங்கள், இழை சிக்கினால் நகம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பத்தரிடம் கொடுத்து, கல்லைச் சுற்றி விளிம்பை மடித்து, மேற்பரப்போடு ஒட்டி இறக்கிப் பதித்தோம். உயரம் 2 மில்லிமீட்டராகக் குறைந்தது. பக்கவாட்டு வெளிச்சம் போய்க் கல் கொஞ்சம் மங்கித் தெரிகிறது. அதற்குப் பிறகு எதிலும் மாட்டவில்லை. கீறலைத் தாங்கும் திறனைச் சொல்லும் மோஸ் அளவில் நீலக்கல் 9 என்பதால் தாங்கியது. மண்ணில் கிடக்கும் குவார்ட்ஸ் தூசியே 7 இருக்கிறது. முத்து, ஓபல் எல்லாம் அதற்குக் கீழே, சீக்கிரம் மங்கிவிடும்.

இப்போது வேலை நேரத்தில் என் விரலில் இருப்பது சிலிக்கோன் ரப்பர் வளையம். இழுத்தால் அறுந்துவிடும், மின்சாரம் கடத்தாது. பாதுகாப்பில் இதற்கு ஈடு எதையும் நான் போட்டதில்லை. பெட்ரோல் பட்டால் ஊதித் தளர்ந்துவிடுகிறது, வியர்வையும் சோப்பும் அடியில் தங்கினால் தோல் அரிக்கிறது என்பதால் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். சுழலும் இயந்திரத்தின் முன்னால் இதையும் கழற்றிவிடுகிறேன். பத்துக்கு ஒன்பது தரலாம். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் பைப்பில் மாட்டும் வாஷர்தான் ஞாபகம் வருகிறது.

அதனால் தம்பியிடம் 18 காரட்டில், கல் இல்லாத, விளிம்பு உருட்டிய தட்டை வளையம் எடுக்கச் சொன்னேன். கீறும், பரவாயில்லை, பாலிஷ் போட்டுக்கொள்ளலாம், அளவு மாற்றலாம், ஆபத்தென்றால் எந்த ரம்பமும் வெட்டும். வேலைக்கு முன் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். அவன் மோதிரத்துக்காக டூல் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தேன். பக்கத்திலேயே எனக்கும் ஒன்று அடித்துக்கொண்டேன். பழைய தங்கத்தைத் தேடி எடுத்துவிட்டேன். முந்தாநாள் அதை அங்கேயே மறந்துவிட்டுக் கிளம்பி, பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்து வந்தேன்.