வெள்ளை வானத்தை மாற்றப் பழகிய இரண்டு வருடங்கள்

தென்மேற்குப் பருவ மாதங்களில் எங்கள் தோவாளைப் பக்கம் பல நாள் வானம் வெளுத்த துணி மாதிரிதான் இருக்கும். குறும்படம் எடுக்க ஓய்வு கிடைப்பதும் எனக்கு அந்த மாதங்களில்தான். வானத்தை மாற்றலாம் என்று இலவச எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில், காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் ஃப்யூஷன் பக்கத்தில், இரண்டு வருடங்களுக்கு முன்பு உட்கார்ந்தேன். இதுவரை முப்பது ஷாட்டுக்கு மேல் மாற்றியிருப்பேன். அதிகம் கற்றுக்கொடுத்தது முதல் ஷாட்தான்.

அது 12 விநாடி. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வயல் வரப்பில் நடந்து வருகிறார், பின்னால் நாலைந்து தென்னை, தூரத்தில் காற்றாலை. கேமரா ஸ்டாண்டில் அசையாமல் இருந்தது. தொடங்குகிறவர்கள் தயவுசெய்து அசையாத ஷாட்டில் தொடங்குங்கள். கேமரா திரும்பினால் வானமும் கூடவே திரும்ப வேண்டும். அதற்குத் தூரத்து மலை முகட்டை டிராக் செய்ய வேண்டியிருக்கும், அது தனி வேலை.

ஃப்யூஷனில் அமைப்பு எளிது. எடுத்த காட்சி, வெளிச்ச அளவைப் பார்த்துப் பகுதிகளை நீக்கும் `LumaKeyer` வழியாக, இரண்டு படங்களைச் சேர்க்கும் `Merge`-இன் முன்பக்கத்துக்குப் போகும், வானத்தின் படம் பின்பக்கத்துக்குப் போகும். வெளிச்சமான பகுதியைத்தான் நீக்க வேண்டும் என்பதால் `Invert`-ஐ டிக் செய்ய வேண்டும். நான் பல நாள் தடுமாறியது `Channel` என்ற இடத்தில். அங்கே `Luminance` வைத்தால் வெளிச்சம் பட்ட ஓலையும் வானத்தோடு சேர்ந்து கரைந்துபோகும். `Blue` வைத்துப் பாருங்கள். பச்சை ஓலையில் நீலம் குறைவு, வெள்ளை வானத்தில் நீலம் நிறைய. அதனால் இரண்டும் சட்டென்று பிரிந்துவிடும். பிரிந்ததா என்று பார்க்க, வியூவரைச் சொடுக்கி `A` விசையை அழுத்தினால், எது நீங்கும் எது நிற்கும் என்று காட்டும் மேட் (matte) கறுப்பு வெள்ளையாகத் தெரியும். வானம் முழுக் கறுப்பாகவும் மரம் முழு வெள்ளையாகவும் இருக்க வேண்டும். ஓலை நுனியில் மட்டும் சாம்பல் இருக்கலாம், அது இருப்பதுதான் நல்லது. `Low`, `High` இரண்டையும் நெருக்கிச் சாம்பலை ஒழித்தீர்கள் என்றால் ஓலை கத்தரியால் வெட்டியது போல ஆகிவிடும், காற்றில் ஆடும்போது நுனி துடிக்கும்.

வேட்டியும் வெள்ளைதானே, அதிலும் ஓட்டை விழுந்தது. அது அடிவானக் கோட்டுக்குக் கீழேயே இருந்ததால், தரைப்பகுதி முழுவதையும் சுற்றி ஒரு `Polygon` வரைந்து, நீக்கக் கூடாத இடத்தைச் சொல்லும் `Solid Matte`-இல் கொடுத்ததும் சரியாகிவிட்டது. நரைத்த தலைதான் பெரும்பாடு. அது வானத்துக்கு நேராக வந்தது, முடி பாதி காணாமல் போனது. இரண்டு இரவு போராடிவிட்டு, மறுநாள் ஸ்டாண்டை இரண்டு அடி உயர்த்தி, தலைக்குப் பின்னால் மரம் வருகிற மாதிரி மறுபடி எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம் சங்குத்துறையில் நானே போனில் எடுத்த சிவந்த அந்திவானத்தைப் பின்னால் வைத்தேன். எனக்கு அழகாகத்தான் பட்டது. அப்பா பார்த்துவிட்டு, "மக்கா, சூரியன் இருக்கு, நெழலக் காணலியே?" என்றார். வயலில் வாழ்ந்தவர் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. மேகமூட்டத்தில் எடுத்த காட்சியில் யாருக்கும் நிழல் விழாது. சூரியன் தெரிகிற வானத்தை அதன் பின்னால் வைத்தால் என்ன நிறத்திருத்தம் செய்தாலும் ஒட்டாது.

இன்னொரு தவறும் அதில் இருந்தது. இருண்ட வானத்தை வைத்தபோது ஒவ்வொரு ஓலையைச் சுற்றியும் வெள்ளை வரம்பு பளிச்சென்று நின்றது. பழைய வானத்தின் வெளிச்சம் நுனிகளில் கலந்து பதிவாகியிருக்கிறது, அதை எந்தப் பொத்தானும் முழுதாக எடுக்காது. மேட்டை ஒரு பிக்சல் அளவு சுருக்கலாம், அதற்கு மேல் போனால் ஓலையே மெலியும். வரம்பு வருவதற்குப் பாதிக் காரணம் படப்பிடிப்பிலேயே இருக்கிறது. வானம் முழுக்க வெளுத்து வெடித்துப் போயிருந்தால் அந்த வெளிச்சம் மெல்லிய நுனிகளைத் தின்றுவிடுகிறது. இப்போதெல்லாம் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி, பூட்டிவிட்டுத்தான் எடுக்கிறேன்.

கடைசியில் நான் வைத்தது திரண்ட மேகமும் இடையிடையே வெளிர்நீலமும் உள்ள வானம். அடிவானம் மேலே உள்ளதைவிட வெளிறியிருக்கும்படி வைத்தேன், நிஜ வானமும் அப்படித்தான் இருக்கும். மேகம் 12 விநாடியில் மிகக் கொஞ்சமாக நகர்கிறது. முன்பக்கத்துக்கு லேசான குளிர்நிறம் கொடுத்தேன். இந்த முறை அப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்த காட்சியைக் கேட்டார்.

இன்றும் நான் தொடாத இடம் தண்ணீர். மணக்குடிக் காயலில் எடுத்தால் மேலே புது வானமும் கீழே பழைய வானமும் நிற்கும். அங்கே போவதாக இருந்தால் மேகம் நன்றாக இருக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.