மூன்றாம் நாள் ‘டெங்கு நெகட்டிவ்’ என்றதை நம்பி வீட்டுக்கு அனுப்பினார்கள்

சமீபத்தில் ஒரு தனியார் லேபில் நடந்தது இது. அந்த லேபின் பெயர் தேவையில்லை, இதே தவறு பல இடங்களில் நடக்கிறது.

முப்பது வயதுப் பெண். திங்கள் மாலை காய்ச்சல் ஆரம்பித்தது. புதன் காலை டாக்டர் சீட்டில் ‘டெங்கு டெஸ்ட்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். லேபில் ஐஜிஎம், ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள்களைப் பார்க்கும், சில நிமிடங்களில் முடிவு தரும் கார்டு டெஸ்ட் மட்டும் செய்தார்கள். டெங்கு வைரஸின் புரதமான என்எஸ்1ஐப் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று சொல்லவும் இல்லை. ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ். கவுன்டரில் இருந்தவர், “முன்னாடி எப்பவோ டெங்கு வந்து போயிருக்கு, இப்ப இல்லம்மா” என்று அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது, வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். அன்று இரவே கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி. புதனன்று 1,38,000 இருந்த தட்டணுக்கள் 41,000க்கு வந்திருந்தன. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோக்ரிட் 38 சதவீதத்திலிருந்து 47க்கு ஏறியிருந்தது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று பொருள். மருத்துவமனையில் எடுத்த, கார்டைவிட நம்பகமான எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி மிக அதிகம்.

லேபில் என்ன தவறு? முதலில், நாள் கணக்கு. காய்ச்சல் தொடங்கிய நாளை ஒன்று என்று வைத்தால் புதன் மூன்றாம் நாள். அப்போது ரத்தத்தில் இருப்பது வைரஸும் அது வெளியிடும் என்எஸ்1 புரதமும்தான். என்எஸ்1 முதல் நாளிலிருந்தே தெரியும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்துவிடும். ஐஜிஎம் எதிர்ப்பொருளோ நான்காம், ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். ஆகவே மூன்றாம் நாளில் ஐஜிஎம் நெகட்டிவ் என்பது எதிர்பார்க்கும் முடிவுதான், அது டெங்குவை மறுக்கவே மறுக்காது. முதல் ஐந்து நாளுக்கு என்எஸ்1 எலைசா, அதற்குப் பின் ஐஜிஎம் எலைசா என்பதே நம் நாட்டு அரசின் வழிகாட்டுதல். கார்டு டெஸ்டை மட்டும் வைத்து உறுதி செய்ய வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. கார்டில் தெரிந்த ஐஜிஜி கோட்டைப் ‘பழைய டெங்கு’ என்று மட்டும் படித்துவிட்டார்கள். முதன்முறை டெங்கு வருபவருக்கு ஐஜிஜி முதல் வாரத்தின் கடைசியில்தான் மெதுவாக எழும். ஏற்கெனவே ஒரு வகை டெங்கு வந்தவருக்கு வேறு வகை தொற்றினால், உடல் பழைய நினைவில் ஐஜிஜியை ஆரம்ப நாட்களிலேயே வேகமாகக் கொட்டும். ஐஜிஎம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். காய்ச்சலோடு வந்தவருக்கு மூன்றாம் நாளில் ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் இரண்டு வாய்ப்புகள்: பழைய தழும்பு, அல்லது இரண்டாம் முறைத் தொற்று. இரண்டாம் முறையில்தான் தீவிர டெங்குவின் ஆபத்து அதிகம். அதை ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பியதுதான் மன்னிக்க முடியாதது.

அன்று என்எஸ்1 பார்த்திருந்தால் பிடித்திருக்குமா? பெரும்பாலும். ஆனால் அதுவும் உத்தரவாதம் இல்லை. இரண்டாம் முறைத் தொற்றில் பழைய எதிர்ப்பொருள் என்எஸ்1ஐப் பிடித்து மறைத்துவிடுவதால் பொய் நெகட்டிவ் வருவது உண்டு. என்எஸ்1 பாசிட்டிவ் என்றால் டெங்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், கூடவே ஐஜிஜியும் பாசிட்டிவ் என்றால் இரண்டாம் முறை என்று சந்தேகித்துக் கவனமாக இருக்க வேண்டும். மூன்றுமே நெகட்டிவ் என்றாலும் காய்ச்சல் தொடர்ந்தால் ஐந்தாம், ஆறாம் நாளில் மறுபடி ஐஜிஎம் எலைசா எடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கு வசதி உண்டு.

இதற்கு எதிர்த்திசையிலும் ஏமாறலாம். ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றால் இன்றைய காய்ச்சல் டெங்குதான் என்று அர்த்தமில்லை. அது இரண்டு, மூன்று மாதம்கூட ரத்தத்தில் இருக்கும், போன மாதத் தொற்றின் மிச்சமாக இருக்கலாம். டைஃபாய்டும் மலேரியாவும் பார்க்காமல் விடக்கூடாது.

லேபில் ரத்தம் கொடுக்கும் முன் “என்எஸ்1 சேர்ந்திருக்கா? கார்டா, எலைசாவா?” என்று கேளுங்கள். சீட்டிலும் ரிப்போர்ட்டிலும் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் படிக்கும் டாக்டருக்கு அந்த ரிப்போர்ட் பாதிதான். ரிப்போர்ட் என்ன சொன்னாலும் தட்டணுவோடு ஹீமட்டோக்ரிட்டும் தினமும் பாருங்கள், காய்ச்சல் இறங்கிய பிறகும் இரண்டு நாள் விடாமல். வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு என்று ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம்.