அப்டேட் கேட்கும் எம்பி: பிளே ஸ்டோரும் ஸ்டீமும்

"சில பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று ஒரே வரிக் குறிப்போடு வரும் அப்டேட் 400 எம்பி கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். மாற்றம் சின்னதாக இருக்கலாம். ஆனால் அதைப் பழைய கோப்பிலிருந்து பிரித்தெடுக்கத் தெரிந்தால்தான் டவுன்லோடும் சின்னதாகும். அந்த வேலையைப் பிளே ஸ்டோர் ஒரு விதமாகவும் கம்ப்யூட்டர் கேம்களின் கடையான ஸ்டீம் வேறு விதமாகவும் செய்கின்றன.

ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பான ஏபிகே, அடிப்படையில் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே ஒரு கோப்பில் நாலு எழுத்து மாறினாலும், சுருக்கிய பிறகு அந்த இடத்திலிருந்து பைட்டுகள் பெரும்பாலும் வேறாகிவிடும். சுருக்கிய நிலையிலேயே ஒப்பிட்டால் எல்லாமே புதிது போலத் தெரியும். 2016 டிசம்பரில் கூகுள் அறிவித்த முறையில், பழைய ஏபிகேயை போனிலேயே விரித்து, உள்கோப்புகளில் மாறியதை மட்டும் ஒட்டி, மறுபடி சுருக்குகிறார்கள். முழு ஆப்போடு ஒப்பிட்டால் டவுன்லோடு சராசரியாக 65% குறையும் என்றார்கள். மீண்டும் சுருக்கியது ஒரு பைட் பிசகாமல் அசலைப் போல இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையொப்பச் சோதனையில் தேறாது. இதற்கு ப்ராசஸர் நிறைய உழைக்க வேண்டும் என்பதால், அறிமுகமானபோது தானியங்கி அப்டேட்டுகளுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்தினார்கள்.

ஸ்டீம் கோப்புகளைச் சுமார் 1 எம்பி துண்டுகளாக வெட்டி, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. 2 ஜிபி கேம் கோப்பில் ஒரு படத்தை மாற்றினால் சில எம்பியோடு முடிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலேயும் 'நான் கோப்பில் இத்தனையாவது பைட்டில் இருக்கிறேன்' என்று எழுதி வைத்திருந்தால் கதை வேறு. முதல் படம் 10 பைட் வளர்ந்தால் பின்னால் உள்ள எல்லா எண்களும் மாறும். துண்டுக்கு ஒரு எண் மாறினாலும் போதும், 2 ஜிபியும் திரும்ப இறங்கும். மொத்தக் கோப்பையும் ஒன்றாகச் சுருக்கியிருந்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான். எது எங்கே இருக்கிறது என்ற எண்களை ஒரே அட்டவணையாக ஒரே இடத்தில் வையுங்கள் என்று ஸ்டீம் தன் வழிகாட்டியிலேயே சொல்கிறது; கேட்காத ஸ்டூடியோக்களும் உண்டு. நெட் பேக்கை எண்ணிச் செலவழிப்பவருக்குப் பிளே ஸ்டோர் வழியே மேல் என்பேன், ஏனென்றால் அது டெவலப்பரின் ஒழுங்கை அவ்வளவாக நம்பியிருக்கவில்லை.

டிஸ்க் கணக்கு தனி. 25 ஜிபி கோப்புக்கு ஸ்டீமில் 10 எம்பி மட்டும் இறங்கினாலும், பழையதன் பக்கத்தில் புதிய கோப்பை முழுசாக எழுதிய பிறகே பழையது நீங்கும். அதுவரை 25 ஜிபி காலியிடம் வேண்டும். நெட் வேகம் பூஜ்யமாகியும் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால், இந்த எழுத்து வேலைதான் நடக்கிறது.

போனில், பிளே ஸ்டோர் காட்டுவது சுருக்கிய டவுன்லோடு அளவை. நிறுவியபின் ஆண்ட்ராய்டு தொகுத்து வைக்கும் நிரல், உங்கள் டேட்டா, கேஷ் எல்லாம் அதன்மேல் சேரும். 60 எம்பி ஆப் 200 எம்பி ஆகியிருந்தால் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேஷ் பெரிதாக இருந்தால் தயங்காமல் அழிக்கலாம். டேட்டாவை அழித்தால் லாகினும் சேர்ந்து போகும்.